அடி வரிக்குப் போகாத குண்டு

எங்கள் அடுப்படியின் கிழக்குச் சுவர் சாய்ந்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எங்கிருந்து சாய்ந்திருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனம். வெட்டினால் கருங்களி வரும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் அடுப்படி ஓடு முழுக்கப் பறந்துபோய், அதற்கப்புறம் இரும்புக் குழாய் போட்டு ஷீட் மாட்டினோம். சுவரை அப்போது யாரும் தொடவில்லை. தென்கிழக்கு மூலையில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் இறங்கிக்கொண்டே வந்தது. மேலே விரல் நுழையும், கீழே மயிர்க்கோடு.

இடித்துக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்து மேஸ்திரியைக் கூப்பிட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். இப்போது பெரிய வேலை எதுவும் எடுப்பதில்லை. கூடவே அவர் மச்சினன் மகன், இருபது வயது. சித்தாளாக வந்து, கரண்டி பிடிக்க ஆரம்பித்து ஓர் ஆண்டு ஆகிறது. நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன். அதனால் வேலை நடந்தபோது பக்கத்திலேயே நின்று அளந்து எழுதி வைத்தேன். அதுதான் இந்தப் பதிவு.

மேஸ்திரி முதலில் எடுத்தது தூக்குக்குண்டை, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடுகிற குண்டு. இடிக்கப் போகிற சுவருக்கு எதற்குத் தூக்கு என்று பையன் கேட்டான். கடப்பாறையை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தான்.

"எதனால சாஞ்சுதுன்னு தெரியாம இடிச்சா, புதுசும் அதே மாதிரி சாயும்டா மாப்ள. கடப்பாறையக் கீழ வையி."

சுவரின் வெளிப்பக்கம் உச்சியில் ஒரு ரீப்பர் கட்டையை நீட்டி ஆணியடித்து, அதிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டார். தென்கோடியில் முதலில். நூலுக்கும் சுவருக்கும் இடையில் உச்சியில் 2 இஞ்ச் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, நடுவிலும் அடியிலும் டேப்பால் அளந்தோம். நடுவில் 3 இஞ்ச், அடியில் 4 இஞ்ச். அதாவது சுவரின் தலை வெளிப்பக்கமாக 2 இஞ்ச் துருத்திக்கொண்டு நிற்கிறது. வடகோடியில் அதே மாதிரி பார்த்தபோது மொத்தமே அரை இஞ்ச்தான்.

இதில் நடு அளவுதான் விஷயம். அடிக்கும் உச்சிக்கும் வித்தியாசம் 2 இஞ்ச், நடுவில் சரியாக அதில் பாதி. அப்படியென்றால் சுவர் வளையவில்லை, நேராக நின்றபடியே மொத்தமாகச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்தது கடைக்கால். நடுவில் மட்டும் நூலுக்குப் பக்கமாக வந்து, மேலும் கீழும் விலகியிருந்தால் அது வயிறு தள்ளின சுவர். உள்ளே மண்சாந்து ஊறிப்போயிருக்கும், இல்லை இரண்டு முகமும் பிரிந்திருக்கும். கீழ்ப்பாதி நேராக இருந்து மேல்பாதி மட்டும் வெளியே போயிருந்தால் கூரை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஓட்டு வீடுகளில் கைமரம் சுவரை வெளியே தள்ளுவது சாதாரணம். நான் இத்தனை நாளும் கஜாவின்மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் எடுத்த ஓர் அளவு புயலை விடுதலை செய்துவிட்டது.

தென்கோடியில் ஏன் அதிகம் என்பதற்குப் பதில் அங்கேயே இருந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பல வருஷமாக அந்த மூலையில்தான் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. களிமண் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளமாக வெடிக்கும். ஒரு மூலை மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தால் மண் இளகி அந்த மூலை மட்டும் தனியாக இறங்கும். 9 இஞ்ச் சுவரில் பாரம் நடுவிலிருந்து கனத்தின் ஆறில் ஒரு பங்குக்கு மேல் விலகினால், அதாவது ஒன்றரை இஞ்ச் தாண்டினால், ஒரு பக்கம் கல் அமுங்கி மறுபக்கம் இழுபட ஆரம்பிக்கும். எங்கள் சுவரின் தலையில் இறங்குகிற கூரைப் பாரம் 2 இஞ்ச் விலகி நின்றது, சுவரின் சொந்தப் பாரம் அதில் பாதி. மேலே ஓடு போய் ஷீட் வந்து பாரம் குறைந்ததால்தான் சுவர் விழாமல் நின்றது என்று நினைக்கிறேன்.

சுவரை இறக்கி, வாணம் தோண்டி, ஊறின களியை எடுத்துவிட்டு, மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி, கான்கிரீட் போட்டு, தரைமட்டத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் வரைக்கும் கொண்டுவந்தோம். கழுவுகிற தண்ணீரைக் குழாய் போட்டுக் கொல்லையில் வாழைக்குத் திருப்பினோம். அந்தக் கதை தனி. இங்கே பெல்ட்டுக்கு மேலே நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம், 9 இஞ்ச் கனம். ஜன்னல் வைக்கவில்லை, கிழக்கே பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை. கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். கல்லை முதல்நாளே தொட்டியில் ஊறப் போட்டாயிற்று. இரண்டு மூலையையும் முதலில் படிப்படியாக ஏற்றிக்கொண்டு, மூலைக்கு மூலை நூல் கட்டி, நடுவில் கல்லை நூல்பிடித்து அடைத்துக்கொண்டு போவதுதான் முறை. நடுவில் வைக்கிற கல்லுக்குத் தூக்கு தேவையில்லை, நூல் போதும். ஆனால் அந்த நூலின் இரண்டு முனையும் மூலைக் கல்லில் இருக்கிறது. மூலை தப்பினால் நூல் தப்பும், நூல் தப்பினால் அந்த வரி, அதாவது அந்த வரிசைக் கல், முழுக்கத் தப்பும்.

வடக்கு மூலையை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். தெற்கு மூலையைப் பையனிடம் விட்டார். அவன் தனியாக மூலை ஏற்றுவது அதுதான் முதல் தடவையாம்.

தூக்குக்குண்டை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நூலில் கட்டிய இரும்பு, அவ்வளவுதான். உண்மையில் அது இரண்டு உருப்படி. குண்டு ஒன்று, கட்டை ஒன்று. கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டையின் நடுவில் ஓட்டை, அதன் வழியாக நூல் ஓடும். கட்டையைச் சுவரின் மேல்கல்லில் ஒட்டிப் பிடித்து, குண்டைக் கீழே இறக்கினால், குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஒரு காகிதம் நுழைகிற சந்து இருந்தால் நல்லது. அப்போதுதான் குண்டு எதன்மேலும் சாயாமல் தன் போக்கில் தொங்குகிறது என்று தெரியும். குண்டு சுவரை விட்டு விலகி நின்றால் சுவரின் தலை நம்மை நோக்கி வந்திருக்கிறது. குண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் தலை அந்தப் பக்கம் போயிருக்கிறது. மூலைக்கு இரண்டு முகம் உண்டு என்பதால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மேஸ்திரி வெளிமுகத்தைத்தான் பிடித்துக் கட்டினார். நாட்டுக்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதனால் ஒரு முகம்தான் சுத்தமாக வரும்; ஏற்ற இறக்கம் எல்லாம் உள்முகத்துக்குப் போய்விடும், அங்கே பூச்சு கூடுதலாகப் பிடிக்கும்.

பையன் வேகமானவன். நாலு வரிக்கு ஒரு தடவை தூக்குப் பார்த்தான். மேஸ்திரியும் நாலு வரிக்கு ஒரு தடவைதான் பார்த்தார். பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் பதினாறு வரி, நாலரை அடி, ஏறியிருந்தது. அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம் என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார். செங்கல் கட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2212 ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர் என்று சொல்கிறது, ஏறக்குறைய 5 அடி. அவர் அதைப் படித்ததில்லை. கீழே பச்சைக் கலவை, மேலே பாரம் ஏத்தாதே என்பார்.

கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் தூக்கை எடுத்துக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனார். பதினாறாவது வரியில் கட்டையை வைத்து, குண்டை முதல் வரி வரைக்கும் இறக்கினார். குண்டு போய்ச் சுவரில் உட்கார்ந்துவிட்டது. நூல் சாய்வாக நின்றது.

"இங்க வா மாப்ள. இது என்ன சொல்லுது?"

"தல உள்ள போயிருக்கு மாமா." சொல்லும்போதே அவன் முகம் மாறிவிட்டது. "ஆனா நான் ஒவ்வொரு தடவையும் பாத்தேன். குண்டு ஒட்டித்தான் நின்னுச்சு. அண்ணன்கிட்ட வேணா கேளுங்க."

அவன் சொன்னது உண்மை. நானும் பார்த்தேன். குண்டு ஒட்டித்தான் நின்றது.

மேஸ்திரி கட்டையைச் சுவரிலிருந்து மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே வந்தார், கீழே குண்டு சுவரை விட்டு விடுபட்டு ஆடுகிற வரைக்கும். அந்த இடத்தில் கையை நிறுத்தி, கட்டைக்கும் மேல்கல்லுக்கும் இடையில் உள்ள சந்தை அளக்கச் சொன்னார். 8 மில்லி. அவர் கணக்கில் ரெண்டரை நூல். ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு இஞ்ச்.

அப்புறம் பையனின் தூக்கை வாங்கிப் பார்த்தார். குண்டு கடையில் வாங்கியது. அதோடு வந்த கட்டை எங்கேயோ சாரத்திலிருந்து விழுந்து உடைந்துவிட்டதாம். ஒரு துண்டு மரத்தை அறுத்து, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு அவனே செய்துகொண்டான். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மட்டப்பலகையைத் தரையில் படுக்க வைத்து, அதன் ஓரத்தில் கட்டையையும் குண்டையும் ஓர் அடி இடைவெளியில் ஒட்டி வைத்து நூலை இழுத்துப் பிடித்தார். இரண்டு முனையிலும் பலகைக்கும் நூலுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். குண்டுப் பக்கம் 20 மில்லி, கட்டைப் பக்கம் 22. குண்டின் பாதிக் கனத்தைவிடக் கட்டையில் ஓட்டை 2 மில்லி தள்ளி இருந்தது.

2 மில்லி என்றால் ஒரு நூல்கூட இல்லை. அதில் எப்படி 8 வந்தது என்பதுதான் பையனுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நிமிஷம் புரியவில்லை.

"நாலாவது வரியில கட்டைய வச்சப்ப குண்டு எங்க இருந்துச்சு?"

"மொத வரியில."

"எட்டாவது வரியில வச்சப்ப?"

பையன் யோசித்தான். "நாலாவதுல. நூல ஓரடிக்கு முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன். ஒவ்வொரு தடவையும் இறக்கி ஏத்த வேணாம்னு."

"பன்னெண்டுல வச்சப்ப எட்டு. பதினாறுல வச்சப்ப பன்னெண்டு. அதானே?"

அதேதான். முதல் தடவை பார்த்தபோது கட்டையின் தப்பு நாலாவது வரியை 2 மில்லி உள்ளே தள்ளியது. இரண்டாவது தடவை, ஏற்கெனவே 2 மில்லி தப்பின நாலாவது வரியைச் சரியென்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இன்னொரு 2 மில்லி. பன்னிரண்டில் 6, பதினாறில் 8. இதே போக்கில் 10 அடிக்குப் போயிருந்தால் முப்பத்தாறு வரி, ஒன்பது தடவை, 18 மில்லி. ஏறக்குறைய முக்கால் இஞ்ச். ஐ.எஸ். 2212 அனுமதிப்பது 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லி.

இதே கோணல் கட்டையோடு அவன் ஒவ்வொரு தடவையும் குண்டை முதல் வரி வரைக்கும் இறக்கியிருந்தால்? பதினாறாவது வரியிலும் 2 மில்லிதான் தப்பியிருக்கும், முப்பத்தாறாவது வரியிலும் அதே 2 மில்லிதான். கட்டையின் தப்பு ஒரு தடவைக்கு மேல் சேர வழியே இல்லை. மேஸ்திரியின் தூக்கும் ஒன்றும் தங்கத்தில் வார்த்தது இல்லை. ஓரம் தேய்ந்த பழைய கட்டை, அதிலும் அரை மில்லி முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அவர் நாலு வரிக்கு ஒரு தடவை நூலை முழுக்க இறக்கி, குனிந்து அடி வரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்ததை நான் வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

ரசமட்டத்துக்கும் இதே கதைதான். ஓரடி ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறவர்கள் உண்டு. குமிழ் மயிரிழை தப்பியிருந்தாலும் அது ஒவ்வொரு அடிக்கும் சேரும். திருப்பி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: அதே இடத்தில் மேல்முனையைக் கீழாக மாற்றி வைத்தாலும் குமிழ் அதே இடத்தில் நிற்க வேண்டும். தூக்குக் கட்டைக்கும் அந்தச் சோதனை உண்டு. கட்டையைத் திருப்பி மறு ஓரத்தைச் சுவரில் வைத்துப் பார்க்கும்போது குண்டின் இடம் மாறினால் ஓட்டை நடுவில் இல்லை. பையனின் கட்டையில் மறு ஓரம் 20 மில்லி, சரியாக இருந்தது! ஓர் அடையாளம் போட்டுக்கொண்டு அந்த ஓரத்தையே பிடித்திருந்தால் தப்பித்திருப்பான்.

இனி சுவரை என்ன செய்வது? எனக்கு முதலில் தோன்றியது, பூச்சில் சரிக்கட்டிவிடலாமே என்பதுதான். 8 மில்லிதானே. மேலே கட்டுவதை நேராகக் கொண்டுபோனால் போதாதா? பையனும் அதையே வேறு மாதிரி கேட்டான், தட்டி நிமிர்த்திவிடலாமா என்று.

தட்டுவதை மேஸ்திரி ஒரேயடியாக வேண்டாம் என்றார். வைத்த கல்லைக் கரண்டிக் காம்பால் தட்டி நகர்த்தலாம், ஆனால் வைத்த சில நிமிஷத்துக்குள். கல் கலவையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஒரு தடவை பிடித்துக்கொண்டுவிட்டால், அப்புறம் நகர்த்தினால் ஒட்டு விட்டுவிடும். மறுபடி ஒட்டாது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கல் சும்மா உட்கார்ந்திருக்கும், மழையில் அந்த வரி வழியாகத்தான் ஈரம் வரும்.

பூச்சைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. சுவர் மொத்தமும் சமமாக உள்ளே சாய்ந்திருந்தால்கூட யோசிக்கலாமாம். இது அப்படி இல்லை. வடக்கு மூலை நேர், தெற்கு மூலை உள்ளே. நடு வரிகள் இரண்டுக்கும் இடையில் நூல் பிடித்து வந்தவை. ஆக மொத்தச் சுவரும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. முறுக்கின சுவரில் பூச்சு ஒரு மூலையில் அரை இஞ்ச், இன்னொரு மூலையில் ஒரு இஞ்ச் என்று போகும். கனமான இடத்தில் ஒரே தடவையில் அப்பினால் தொய்ந்து இறங்கும், இல்லை காய்ந்ததும் வெடிக்கும். இரண்டு தடவையாகப் பூச வேண்டும். மேலே ஷீட்டைத் தாங்குகிற குழாயின் அடித்தகடும் கோணலாக உட்காரும்.

"இப்படியே முழுசும் ஏத்தினா விழாதுல்ல மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"விழாது தம்பி. முக்கா இஞ்சுல ஒம்பது இஞ்ச் சொவரு விழாது. ஆனா நம்ம மண்ணு சும்மா இருக்காது. பழைய சொவரப் பாத்தீங்கல்ல? ரெண்டு வருசம் கழிச்சு நீங்க தூக்கு விட்டுப் பாக்குறீங்க. முக்கா இஞ்ச் சாஞ்சிருக்கு. அது நாங்க கட்டுனதா, கடக்கா திரும்புனதான்னு எப்படிச் சொல்லுவீங்க?"

இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மேட்டுநிலத்தில், கெட்டியான செம்மண்ணில் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய கேள்வியாக இல்லாமல் இருக்கலாம். களியில் கட்டுகிறவர்களுக்கு நேரான சுவர் என்பது ஒரு தொடக்கக் கணக்கு. முதல்நாள் பூஜ்யம் என்று எழுதி வைத்தால்தான் பின்னால் வருகிற எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

இருட்டுவதற்குள் இறக்கினோம். பெல்ட்டுக்கு மேலே முதல் நாலு வரியை விட்டுவிட்டார். அங்கே 2 மில்லிதான், அதை ஐந்தாவது வரியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம். அதற்கு மேலே பன்னிரண்டு வரியும், வடக்கு மூலையில் அவர் ஏற்றிய படிகளைத் தவிர, இறங்கின. கலவை இன்னும் இறுகாததால் கல் உடையவில்லை. பையன்தான் ஒவ்வொரு கல்லாகச் சுரண்டி, தொட்டியில் முக்கி, அடுக்கினான். சுரண்டின கலவையை மறுபடி பிசைந்து பயன்படுத்த விடவில்லை மேஸ்திரி. அதில் சிமெண்ட் வேலையை முடித்துவிட்டது, இனி அது மண்தான் என்று கொல்லையில் கொட்டச் சொன்னார். எனக்கு நஷ்டம் அரை மூட்டை சிமெண்டும் ஒரு நாள் கூலியும். கூலியை அவர் வாங்க மறுத்தார். நான் பையன் சட்டைப் பையில் திணித்தேன்.

மறுநாள் பையனுக்குப் புதுக் கட்டை வந்தது. மேஸ்திரி கடையில் வாங்க விடவில்லை. குண்டின் விட்டத்தை ஒரு காகிதப் பட்டையில் சுற்றி எடுக்காமல், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் குண்டை நெருக்கிப் பிடித்து, அந்தச் சந்தை அப்படியே கட்டையில் கோடு இழுத்து அறுக்கச் சொன்னார். நடுக்கோடு இரண்டு போட்டு, வெட்டுகிற இடத்தில் கைத் துரப்பணத்தால் சின்ன ஓட்டை. ஓட்டை பெரிதாக இருந்தால் நூல் உள்ளேயே அங்குமிங்கும் ஆடும், அதுவும் ஒரு மில்லி தின்றுவிடும். ஒரு ஓரத்தில் சாக்பீஸால் குறி. எப்போதும் அந்த ஓரம்தான் சுவரில். நூலில் இருந்த முடிச்சை அவிழ்த்தாயிற்று.

இரண்டாவது தடவை ஏற்றும்போது காற்று தொந்தரவு செய்தது. ஆனி பிறந்துவிட்டது, மதியத்துக்கு மேல் மேல்காற்று சுழற்றி அடிக்கும். சாரத்தின்மேல் நின்று 7 அடி நூல் இறக்கினால் குண்டு நிற்கவே நிற்காது. பையன் காற்று விடுகிற நேரம் பார்த்து, குண்டு சுவரைத் தொட்ட கணத்தில் சரி என்று சொல்லிவிடப் பார்த்தான். அது சரியான அளவு இல்லை. ஆடுகிற குண்டு ஒரு கோடியில் சுவரைத் தொட்டு மறு கோடியில் இரண்டு விரல் விலகும், உண்மை நடுவில் இருக்கிறது. மேஸ்திரி கீழே ஆள் நிறுத்தி, உள்ளங்கையால் குண்டை அணைத்து ஆட்டத்தை நிறுத்தி, மெதுவாகக் கையை எடுக்கச் சொன்னார். காற்று வருகிற பக்கம் சாக்கை விரித்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. சுவரை விட்டுத் தள்ளித் தொங்குகிற குண்டாக இருந்தால், பழைய சுவரை அளந்தோமே அந்த மாதிரி, ஒரு வாளித் தண்ணீரில் குண்டை முக்கி விட்டால் போதும், ஆட்டம் தானே அடங்கிவிடும். நூல் வாளி விளிம்பில் படக்கூடாது, அவ்வளவுதான். இதைப் பையனைவிட நான்தான் ரசித்தேன் என்று நினைக்கிறேன்.

ஏழாவது அடியில் இன்னொன்று கவனித்தேன். உச்சியும் அடியும் சரியாக இருந்தபோதும் மேஸ்திரி பையனை நடுவில் நூலைப் பார்க்கச் சொன்னார். குண்டின் பாதி அளவுக்கு ஒரு சின்னக் குச்சியை வெட்டிக் கொடுத்திருந்தார். நூலுக்கும் சுவருக்கும் இடையில் எங்கே வைத்தாலும் அந்தக் குச்சி இறுகாமல், தொளதொளக்காமல் நுழைய வேண்டும். மேல் வரி ஒன்றில் ஒரு இடத்தில் இறுகியது. ஒரே ஒரு கல், ஒரு நூல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத கல், தட்டி உள்ளே அனுப்பினான்.

சுவர் முடிந்து மேல்பெல்ட் போட்டதும், இரண்டு மூலையிலும் உச்சியில் ஒரு ஆணி அடித்து, அதற்கு நேர் கீழே அடி வரியிலும் ஓர் ஆணி அடித்து, இரண்டும் சுவர் முகத்திலிருந்து ஒரே அளவு நீட்டியிருக்கும்படி தட்டி வைத்தோம். மேல் ஆணித் தலையில் நூலைத் தொங்கவிட்டால் கீழ் ஆணித் தலையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். வடக்கு மூலை பூஜ்யம். தெற்கு மூலை 1 மில்லி உள்ளே. வெளிப்பூச்சு சுவர் முழுக்க அரை இஞ்சில் முடிந்தது. ஆணித் தலைகளைப் பூச்சுக்கு வெளியே நீட்டி விட்டிருக்கிறோம், எண்ணெய் தடவி.

ஐப்பசி, கார்த்திகை மழை அந்த மூலையைச் சுற்றி நன்றாகவே தேங்கியது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையன் வந்து தூக்கு விட்டுப் பார்த்தான். வடக்கு மூலை அப்படியே. தெற்கு மூலை அதே 1 மில்லி, ஆனால் வெளிப்பக்கம். களி ஊறினதில் கொஞ்சம் திரும்பியிருக்கலாம், அளந்த கையில் உள்ள தப்பாகவும் இருக்கலாம். 2 மில்லிக்குள் எதையும் உறுதியாகச் சொல்ல இந்தக் கருவியால் முடியாது. மேஸ்திரியிடம் போனில் சொன்னேன். ஒரு மழை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை, ஒரு கோடையும் பார்க்க வேண்டும், மண் வெடிக்கிறபோதுதான் தெரியும் என்றார். சித்திரையில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்பக்கம் டைல்ஸ் ஒட்டுவதாக இருக்கிறேன்.